அக்டோபர் 10ஆம் தேதிக்குப் பிறகு ஆர்டர் எடுப்பதில்லை

மண்டபம் கடைத்தெருவில் என் தாய்மாமா நடத்திவரும் இனிப்புக் கடையிலிருந்து 2024ஆம் ஆண்டு தீபாவளிக்குப் போன வாட்ஸ்அப் செய்தியை நான் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். அது ஒரு படம். மேலே இரண்டு குத்துவிளக்கு, கீழே மத்தாப்பு, நடுவில் வளைந்த எழுத்துகளில் ‘தீபாவளி கிஃப்ட் பாக்ஸ் ஆர்டர்கள் வரவேற்கப்படுகின்றன, அரைக் கிலோ, ஒரு கிலோ, முந்துங்கள்’ என்று இருந்தது. பெட்டிக்குள் என்னென்ன இருக்கும், எந்த நாள் வரை ஆர்டர் எடுப்பார்கள், எப்போது வந்து வாங்கிக்கொள்ளலாம் என்பவை அதில் இல்லை. அந்த மூன்றும் இல்லாததால் வந்த இழப்பைக் கணக்குப் புத்தகத்தில் எழுதியவள் நான். அதனால்தான் மறு ஆண்டு செய்தியை மாமாவோடு உட்கார்ந்து வரிவரியாக எழுதினேன். அந்தச் செய்தி எப்படி உருவானது என்பதையே இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் 2024இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 31ஆம் தேதி, வியாழக்கிழமை. நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு அதில் உள்ள சிக்கல் உடனே புரியும். அக்டோபர் 28 முதல் 30 வரை பசும்பொன்னில் தேவர் குருபூஜை நடக்கும். அந்த நாட்களில் மதுரைச் சாலையில் வண்டிகளைத் திருப்பி விடுவார்கள், சோதனைச் சாவடிகளில் நேரம் போகும். மதுரையிலிருந்து 29ஆம் தேதி காலையில் வந்திருக்க வேண்டிய நெய்யும் பால்கோவாவும் அன்று நள்ளிரவுக்கு மேல்தான் வந்து சேர்ந்தன. அதற்குள் 412 பெட்டிக்கு ஆர்டர் வாங்கியாகிவிட்டது. எந்த நாளில் வேண்டும் என்று யாரிடமும் கேட்காததால் ஏறக்குறைய எல்லோரும் 30ஆம் தேதி மாலையில்தான் வரப்போகிறார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியாது. சரக்கு மாஸ்டரும் இரண்டு உதவியாளர்களும் தூங்காமல் லட்டு பிடித்தார்கள். பிடித்த லட்டு ஆறுவதற்குள் பெட்டிக்குள் போனது. கொடுத்த பெட்டிகளில் சில நல்லபடியாக இருந்தன. பல, மூன்றாம் நாள் திறந்தபோது மூடியின் உட்புறம் வியர்த்து, வெண்ணெய்த்தாள் நனைந்து, லட்டின் மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சை பூத்திருந்தது.

அந்த வியர்வைதான் காரணம் என்பதை மாமா உடனே சொல்லிவிட்டார். பாகில் ஊறிய பூந்தி சூடாக இருக்கும்போது அதிலிருந்து ஆவி வந்துகொண்டே இருக்கும். அட்டைப்பெட்டியை மூடிவிட்டால் அந்த ஆவி வெளியே போக வழியில்லாமல், மூடி குளிர்ந்ததும் துளியாகி மறுபடி இனிப்பின் மேலேயே விழும். சர்க்கரை மிகுந்த பண்டம் தானாகக் கெடாது. அதன் மேற்பரப்பில் நீர் சேர்ந்து, அந்த ஒரு மெல்லிய படலத்தில் சர்க்கரை நீர்த்துப்போனால்தான் பூஞ்சைக்கு இடம் கிடைக்கிறது. ஐப்பசி மாதத்தில் மண்டபத்தின் இரு பக்கமும் கடல், மேலே மழை. வெளிக்காற்றுக்கே ஈரம் அதிகம். மற்ற ஊர்களில் ஒரு நாள் தாங்கும் கவனக்குறைவு இங்கே தாங்காது.

ஆக, ஒரு நாளில் எத்தனை பெட்டி கொடுக்க முடியும் என்பதை அடுப்பு தீர்மானிப்பதில்லை, ஆற வைக்கும் தட்டுகள் தீர்மானிக்கின்றன. இதை நாங்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் எனக்கே விளங்கியது. கடையின் பின்கட்டில் மின்விசிறிக்குக் கீழே 20 அலுமினியத் தட்டுகள் வைக்க இடம் உண்டு. ஒரு தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பினால் மூன்று கிலோ கொள்ளும். தட்டில் ஐந்தாறு மணி நேரமாவது கிடக்க வேண்டும் என்பதால், மழைநாளில் ஒரு நாளைக்கு ஒரு முறைதான் தட்டை நிரப்ப முடியும் என்று மாமா சொன்னார். அதாவது 60 கிலோ. அதில் 24 கிலோ அன்றாடக் கல்லா வியாபாரத்துக்கு வேண்டும். மிச்சம் 36 கிலோ. ஒரு பெட்டிக்கு இனிப்பு 400 கிராம் என்றால் 90 பெட்டி.

2025இல் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. 15ஆம் தேதியிலிருந்து 18ஆம் தேதி வரை நான்கு நாள் தயாரித்து, ஒவ்வொரு நாள் சரக்கையும் மறுநாள் கொடுப்பது என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 360 பெட்டி. உடைந்த மைசூர்பாகு, எடை குறைந்த லட்டு ஆகியவற்றுக்காக 20 பெட்டியைக் கழித்து, 340 என்று நிறுத்தினோம். முந்தைய ஆண்டைவிட 72 பெட்டி குறைவு. மாமாவுக்கு மனம் ஒப்பவில்லை. “பாப்பா, வர்ற வியாபாரத்த நாமளே வேணாங்கிற மாதிரி இருக்கே” என்றார். கெட்டுப்போனதற்காகத் திருப்பிக் கொடுத்த பணத்தின் பட்டியலை நான் எடுத்துக் காட்டிய பிறகுதான் சம்மதித்தார்.

இனி, செப்டம்பர் 28ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்கு நாங்கள் அனுப்பிய செய்தி இது:

*தீபாவளி 2025 – இனிப்புப் பெட்டி முன்பதிவு*
கடைசி நாள் அக்டோபர் 10, வெள்ளி, இரவு 8 மணி. 340 பெட்டி நிறைந்துவிட்டால் அதற்கு முன்பே நிறுத்திவிடுவோம்.
பெட்டியில்: நெய் லட்டு 4, மைசூர்பாகு 5, தனிக் கவரில் மிக்சர் 100 கிராம். அட்டைப்பெட்டியின் எடை நீங்கலாக 500 கிராம். விலை 320 ரூபாய்.
பெட்டி வாங்கிக்கொள்ளும் நாள்: அக்டோபர் 16, 17, 18, 19. இவற்றில் உங்களுக்கு வேண்டிய நாளைச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு 85 பெட்டிதான்.
வாங்கிய நாளிலிருந்து 5 நாளுக்குள் சாப்பிடவும்.
பதிவு செய்ய: பெயர், எத்தனை பெட்டி, எந்த நாள் – மூன்றையும் இந்த எண்ணுக்கே எழுதி அனுப்புங்கள். பாதிப் பணம் முன்பணம். எங்களிடமிருந்து வரிசை எண் வந்தால்தான் பதிவு முடிந்ததாகக் கொள்ளவும்.

தலைப்பில் ஆண்டைப் போட்டதற்கு ஒரு காரணம் உண்டு. பழைய குத்துவிளக்குப் படத்தில் ஆண்டு இல்லை. அதை யாரோ தங்கள் குடும்பக் குழுவில் அடுத்த ஆண்டும் பகிர, ஆவணி மாதத்திலேயே இரண்டு பேர் பழைய விலையைச் சொல்லிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார்கள். படமாக அனுப்பினால் அழகாக இருக்கலாம். ஆனால் அதிலிருந்து ஒரு வரியை எடுத்து அண்ணனுக்கோ மதினிக்கோ அனுப்ப முடியாது, கண் மங்கியவர்கள் கைபேசியில் பெரிய எழுத்தை அமைத்து வைத்திருந்தாலும் படத்துக்குள் இருக்கும் எழுத்து தானாகப் பெரிதாகவும் முடியாது. எழுத்தாகவே அனுப்பினால் இரண்டும் முடியும். நீண்ட செய்தியை வாட்ஸ்அப் பாதியில் மடித்துவிடும் என்பதால், கடைசி நாளை மேலே, மடிப்புக்கு முன்பே கண்ணில் படும்படி வைத்தோம்.

அந்தக் கடைசி நாளை நாங்கள் அவசரப்படுத்துவதற்காக வைக்கவில்லை. 15ஆம் தேதி முதல் கடாய் ஏற வேண்டுமென்றால் நெய்யும் கடலைமாவும் முந்திரியும் 13ஆம் தேதிக்குள் கடையில் இருக்க வேண்டும். மதுரையில் சொல்லி அனுப்பி வாங்க இரண்டு நாளாவது வேண்டும். எவ்வளவு வாங்குவது என்பது பெட்டி எண்ணிக்கை முடிந்தால்தான் தெரியும். கூடுதலாக இரண்டு ஆட்களை வரச்சொல்லவும் அந்த எண்ணிக்கை வேண்டும். இப்படிப் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வந்தபோது 10ஆம் தேதியில் வந்து நின்றது. சிவகாசியில் அச்சடிக்கும் அட்டைப்பெட்டியை மட்டும் எண்ணிக்கை தெரிவதற்கு முன்பே, செப்டம்பர் தொடக்கத்தில் சொல்லியாக வேண்டியிருந்தது.

பால்கோவாவை எடுத்துவிட்டது பலருக்கு வருத்தம் என்று எனக்குத் தெரியும். ஆனால் பால் சேர்ந்த இனிப்பு பெட்டியில் இருந்தால், மற்றவை எத்தனை நாள் தாங்கினாலும் பெட்டியின் ஆயுள் அதனுடைய ஆயுள்தான். முதலில் ஓரங்களில் நீர் விடும், பிறகு புளிப்பு வாடை வரும், அந்த வாடை பக்கத்திலிருக்கும் லட்டுக்கும் ஏறும். வாங்கிய அன்றே சாப்பிடுகிறவர்கள் கல்லாவில் தனியாக எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம். வேதாளையிலிருந்து வழக்கமாக வாங்கும் ஒரு ராத்தா, கீழக்கரைத் தொதலைப் பெட்டியில் சேர்க்கக் கூடாதா என்று கேட்டார். அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து எண்ணெய் பிரியும் வரை கிளறிய தொதல் நன்றாகத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் அது நாங்கள் செய்வதல்ல. வேறொருவர் செய்து, எந்த நாள் கிண்டியது என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடியாத பண்டத்தின் மேல் எங்கள் தேதியைப் போட மாமா மறுத்துவிட்டார். அது சரியான முடிவு என்று நான் நினைக்கிறேன்.

ஐந்து நாள் என்ற கணக்கை மாமா எங்கிருந்தும் எடுக்கவில்லை. செப்டம்பர் முதல் வாரத்தில் மூன்று பெட்டிகளை அடைத்து, ஒன்றைக் கடை அலமாரியிலும், ஒன்றை எங்கள் வீட்டு அடுக்களையிலும், ஒன்றைக் கடற்கரையோரமாக இருக்கும் சித்தி வீட்டிலும் வைத்தார். நாள்தோறும் திறந்து ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு தின்றுபார்த்தோம். ஆறாம் நாள் வரை லட்டு நன்றாக இருந்தது. ஏழாம் நாள் சித்தி வீட்டுப் பெட்டியில் லட்டின் மேல்பக்கம் பிசுபிசுத்து, நெய் வாடை சற்று மாறியிருந்தது. மைசூர்பாகு அதற்கு மேலும் தாங்கியது. தனிக் கவரில் சூடாக்கி ஒட்டிய மிக்சர் கடைசிவரை மொறுமொறுப்பாகவே இருந்தது; சோதனைக்காக இனிப்போடு சேர்த்துத் திறந்தபடி வைத்த ஒரு பிடி மிக்சர் இரண்டாம் நாளே நமுத்துப்போயிருந்தது. ஆறிலிருந்து ஒரு நாளைக் குறைத்து ஐந்து என்று எழுதினோம். தட்டில் வைத்து உதிரியாக விற்கும் இனிப்புக்கும் எந்த நாளுக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் விதி. பெட்டியாகக் கட்டிக் கொடுப்பவர் அதைச் செய்தியிலேயே சொல்லிவிட்டால், சென்னையிலிருந்து மகன் வரும் வரை பெட்டியை வைத்திருக்கலாமா என்பதை வாங்குகிறவரே முடிவு செய்துகொள்வார்.

அட்டைப்பெட்டியின் எடை நீங்கலாக என்ற சொற்கள் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியருக்காகச் சேர்த்தவை. முந்தைய ஆண்டு அவர் வீட்டுத் தராசில் வெறும் பெட்டியை நிறுத்துப் பார்த்து, 85 கிராம் அட்டைக்கும் சேர்த்து இனிப்பின் விலையைக் கொடுத்திருக்கிறேன் என்று அமைதியாகச் சொல்லிவிட்டுப் போனார். சட்டப்படியும் எடை என்றால் உள்ளே இருக்கும் பண்டத்தின் எடைதான். வெறும் பெட்டியைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கிவிட்டுப் பிறகு இனிப்பை அடுக்க வேண்டும். இரண்டு விநாடி வேலை.

செய்தி ஒழுங்கானால் மட்டும் போதாது, போய்ச் சேரவும் வேண்டும். 2024இல் மாமாவிடம் 610 எண்கள் இருந்தன. ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது என்பதால் மூன்று பட்டியலாகப் பிரித்து அனுப்பியிருந்தார். எல்லோருக்கும் போய்விட்டது என்றே நம்பினார். அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து, அதன் விவரத்தைத் திறந்து நான் பார்த்தபோது, சேர்ந்தவர்கள் என்று காட்டிய பெயர்கள் மூன்று பட்டியலையும் கூட்டினால் 230க்குச் சற்று மேல் மட்டுமே. மற்றவர்கள் கடையின் எண்ணைத் தங்கள் கைபேசியில் சேமித்து வைத்திருக்கவில்லை. பெறுகிறவர் நம் எண்ணைச் சேமித்திருந்தால்தான் பிராட்காஸ்ட் செய்தி அவருக்குப் போகும். நாம் அவர் எண்ணைச் சேமித்திருப்பது மட்டும் போதாது.

இதற்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஆகஸ்ட் முதல் கல்லாவில் ஒரு சிறு அட்டை வைத்தோம். பணம் கொடுக்கும் ஒவ்வொருவரிடமும், “தீபாவளிப் பெட்டி விவரம் வேணும்னா இந்த நம்பர சேவ் பண்ணிட்டு ஒரு வணக்கம் அனுப்புங்க” என்று மாமா சொல்வார். வணக்கம் அனுப்பியவரை மட்டும் புதிய பட்டியலில் சேர்த்தேன். செப்டம்பர் கடைசியில் அதில் 388 பேர் இருந்தார்கள். பழைய பட்டியலைவிடச் சிறியது. ஆனால் அனுப்பிய அன்றிரவே 350க்கு மேற்பட்டவர்களுக்குச் செய்தி சேர்ந்திருந்தது. கேட்காதவர்களுக்கு அனுப்பினால் அவர்கள் புகார் செய்யலாம், புகார் கூடினால் கடையின் எண்ணே முடக்கப்படலாம் என்ற பயமும் இதில் இல்லை.

பதில்கள் தனித்தனி உரையாடலாகத்தான் வரும், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்க மாட்டார். அது நல்லதுதான், ஆனால் எண்ணிக்கை நூறைத் தாண்டியதும் யார் பணம் கட்டியது, யார் வெறுமனே விலை கேட்டது என்பது குழம்பிவிடும். வணிகர்களுக்கான வாட்ஸ்அப்பில் உரையாடல்களுக்கு நிறமிட்ட லேபிள் ஒட்டலாம். புதிய ஆர்டர், பணம் வரவில்லை, பணம் வந்தது என்று மூன்று லேபிள் போதுமானதாக இருந்தது. அதோடு கோடு போட்ட நீண்ட நோட்டு ஒன்றில் வாங்கும் நாளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, ஒவ்வொரு பக்கத்திலும் 85 வரிகளை முன்கூட்டியே எண்ணிட்டுவிட்டேன். பெட்டிக்கு ஒரு வரி. 19ஆம் தேதிப் பக்கம் மூன்றே நாளில் நிறைந்தது. அதன் பிறகு கேட்டவர்களுக்கு 18ஐச் சொன்னோம், பெரும்பாலோர் மறுக்கவில்லை. பணம் அனுப்பிய படத்தைப் பார்த்து நாங்கள் வரிசை எண் கொடுப்பதில்லை. படத்தை யாரும் எப்படியும் மாற்றலாம். படத்திலிருக்கும் 12 இலக்க யூபிஐ எண்ணும் தொகையும் கடையின் வங்கிக் கணக்கில் வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே எண் கொடுத்தோம். ஒரே ஒருவர் அனுப்பிய படத்துக்கு மட்டும் பணம் வரவில்லை. கேட்டபோது அவர் பரிவர்த்தனை தோற்றுப்போனதைக் கவனிக்காமல் பழைய படத்தை அனுப்பியிருந்தார்.

அக்டோபர் 8ஆம் தேதி மதியம் 340ஆவது வரி நிறைந்தது. அன்று மாலையே, முன்பதிவு முடிந்தது என்று இரண்டு வரிச் செய்தி அதே பட்டியலுக்குப் போனது. மறுநாள் காலையில் விசைப்படகு உரிமையாளர் ஒருவர் கடைக்கே வந்துவிட்டார். அவருடைய இரண்டு படகின் ஆட்களுக்கும் கரையில் வேலை செய்பவர்களுக்குமாக 22 பெட்டி வேண்டும். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் படகு போகாது, படகு போகாவிட்டால் கையில் பணம் புரளாது. அதனால்தான் முன்பே முன்பணம் கட்ட முடியவில்லை என்றார். அது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரிந்த நிலைமை, அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நான்கு நாள் தட்டுகளும் நிறைந்திருந்தன. பெட்டிகளை ஆட்களுக்கு எப்போது கொடுப்பீர்கள் என்று மாமா கேட்டார். சம்பளப் பாக்கியோடு 15ஆம் தேதியே கொடுத்துவிடுவேன், அவரவர் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார்கள் என்றார். அப்படியானால் 14ஆம் தேதியும் ஒரு நாள் தட்டை நிரப்பலாம் என்று மாமா ஒப்புக்கொண்டார். 15ஆம் தேதி வாங்கும் பெட்டியை 20ஆம் தேதிக்குள் தின்றுவிட வேண்டும் என்பதை அந்த 22 பெட்டிகளின் மேலும் பேனாவால் எழுதினேன்.

பண்டிகை முடிந்து மூன்றாம் நாள் பட்டியலுக்கு ஒரு கேள்வி அனுப்பினோம்: பெட்டி எப்படி இருந்தது, குறை இருந்தால் எழுதுங்கள். 61 பதில்கள் வந்தன. பூஞ்சை என்று ஒருவரும் எழுதவில்லை. நான்கு பேர் பால்கோவாவைக் கேட்டிருந்தார்கள். தங்கச்சிமடத்திலிருந்து ஒரு பெரியம்மா, மிக்சர் கவரைப் பிரிக்க அரிவாள்மணை தேடவேண்டியிருந்தது, ஓரத்தில் ஒரு சிறு வெட்டு விட்டால் என்ன என்று குரல்பதிவாக அனுப்பியிருந்தார். மாமா அதை இரண்டு முறை கேட்டுவிட்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் அடுத்த ஆண்டு என்று தலைப்பிட்டு, அதன் கீழே முதல் வரியாக எழுதச் சொன்னார்.